“அண்ணே, லேட் ஆகும்”: வாடிக்கையாளருக்குப் போகும் வாட்ஸ்அப் மெசேஜைத் திருத்தி எழுதுவது எப்படி

மதுரையில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். டிசம்பர் வந்தால் எங்களுக்குக் காலண்டர் வேலைதான். தேதித்தாள் கட்டு சிவகாசியிலிருந்து வந்துவிடும். மேல் அட்டையை நாங்கள் அச்சடித்து, லேமினேஷன் செய்து, கட்டைச் சேர்த்துக் கொடுப்போம். இந்த மாதத்தில் மெஷினை விட போன்தான் அதிகம் ஓடும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது மெசேஜ் போகும். அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு எந்த யோசனையும் தேவையில்லை. “அண்ணே புரூஃப் அனுப்பியிருக்கேன்” என்று தட்டினால் போதும். மீதிப் பத்தில்தான் சிக்கல் இருக்கிறது. தேதி தள்ளிப்போகிறது, காசு கூடுகிறது, தப்பு நடந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய மெசேஜ்கள் அவை.

அப்படி ஒரு மெசேஜை முதலிலிருந்து கடைசிவரை திருத்திக் காட்டுகிறேன். கடையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருநாள் அனுப்பப் போன மெசேஜ் அது. நல்ல வேளையாக, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினான்.

கதை இதுதான். ஒரு ஜவுளிக்கடைக்காரர் 1,000 காலண்டர் கேட்டிருந்தார். டிசம்பர் 20, சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தோம். புரூஃபை 12ஆம் தேதி ஓகே செய்துவிட்டார். நிறத்துக்கு ஒன்றாக அச்சு பிளேட் போட்ட பிறகு, 15ஆம் தேதி, கடையின் போன் நம்பரை மாற்றச் சொன்னார். நம்பர் கறுப்பில் மட்டும் இருந்ததால் கறுப்பு பிளேட் ஒன்றைத் திரும்பப் போட்டோம். அந்தப் பிளேட்டுக்கு 600 ரூபாய் செலவு. அதை விடப் பெரிய நட்டம், மெஷினில் எங்கள் முறை தள்ளிப்போனது. 20ஆம் தேதிக்கு 1,000 அட்டையும் தயாராகாது என்று 17ஆம் தேதி காலையில் தெரிந்துவிட்டது. தம்பி எழுதியது இப்படி:

> அண்ணே வணக்கம்.. நீங்கதான் கடைசி நேரத்துல போன் நம்பர மாத்தச் சொன்னீங்க.. அதனால பிளேட் திரும்ப போட வேண்டியதாப் போச்சு.. லேட் ஆகும்னு நான் அப்பவே சொன்னேனே.. 20ஆம் தேதி முடியாது.. இன்னும் நாலஞ்சு நாள் ஆகும்.. பிளேட் காசு எக்ஸ்ட்ரா.. சீக்கிரம் அனுப்பிடலாம்.. தப்பா நினைக்காதீங்க 🙏🙏🙏

படித்ததும் “இதை அனுப்பாதே” என்றேன். “ஏன், எல்லாம் மரியாதையாத்தானே இருக்கு?” என்று கேட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வணக்கம், நீங்க, அண்ணே, மூன்று கும்பிடு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் படித்து முடித்தால் சண்டைக்குக் கூப்பிடுவது போலத்தான் இருக்கிறது.

முதல் வேலை: அந்தப் பெட்டியில் தட்டாதீர்கள்

வாடிக்கையாளரின் சாட்டிலேயே வைத்துத் திருத்தினால் கை தவறிப் போய்விடும். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அங்கே Enter தட்டினால் மெசேஜ் போய்விடும். அடுத்த வரிக்கு Shift + Enter தட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. பத்து நிமிடம் தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருந்தால், எதிர்ப்பக்கம் சாட்டைத் திறந்து வைத்திருப்பவருக்கு நீங்கள் ‘டைப்’ செய்துகொண்டே இருப்பது தெரியும். ஏதோ கெட்ட செய்தி வருகிறது என்று அவர் முதலிலேயே முடிவு செய்துவிடுவார்.

வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பருக்கு நீங்களே மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாம். வரைவை அங்கே எழுதுங்கள். அனுப்பியதாகவே பார்க்கும்போது, பெட்டிக்குள் தெரியாத பல விஷயங்கள் தெரியும். முக்கியமாக நீளம். இரண்டு வரி என்று நினைத்தது பாதித் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது: சாட்டை மேலே தள்ளிப் படியுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம். தம்பியின் மெசேஜில் “லேட் ஆகும்னு நான் அப்பவே சொன்னேனே” என்று இருக்கிறதல்லவா? சொன்னாயா என்று கேட்டேன். சொன்னதாகத்தான் ஞாபகம் என்றான். இருவரும் சாட்டை மேலே தள்ளிப் பார்த்தோம். 15ஆம் தேதி அவர் புது நம்பரை அனுப்பியிருக்கிறார். அதற்குக் கீழே எங்கள் பதில்: “ஓகேண்ணே, மாத்திடலாம்.” அவ்வளவுதான். தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காசைப் பற்றியும் இல்லை.

இதற்குப் பிறகு மெசேஜின் போக்கே மாறிவிட்டது. நம்பரை மாற்றியது அவர்தான். ஆனால் மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லாமல் விட்டது நாங்கள். “சொன்னேனே” என்று அனுப்பியிருந்தால், அவர் விரலை இரண்டு தரம் தள்ளி அந்த “ஓகேண்ணே”வைப் பார்த்திருப்பார். பிறகு நாங்கள் எதைச் சொன்னாலும் எடுபடாது.

அதனால் வார்த்தையைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நாம் என்ன வாக்குக் கொடுத்தோம், அவர் எப்போது என்ன கேட்டார், அதற்கு நாம் என்ன பதில் சொன்னோம், இப்போது நம்மால் நிச்சயமாக என்ன முடியும். நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாமல் மெசேஜ் எழுத உட்காராதீர்கள். “நாலஞ்சு நாள்” என்பது பதில் ஆகாது. நான் மெஷினுக்குப் போய் ஆளைக் கேட்டேன். அச்சு ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும், நேரம் பிடிப்பது அதற்குப் பிறகு தேதித்தாள் கட்டைக் கையால் சேர்க்கும் வேலைதான் என்றார். அப்படியானால் முதலில் 300 மட்டும் முடித்து 20ஆம் தேதி மாலை கொடுக்கலாம். மீதி 700, 24ஆம் தேதி புதன்கிழமை மதியம். இது உறுதி.

பாருங்கள், இன்னும் ஒரு வார்த்தை கூட எழுதவில்லை, அதற்குள் மெசேஜில் இருந்த கெட்ட செய்தி பாதியாகிவிட்டது. “20ஆம் தேதி முடியாது” என்பது “20ஆம் தேதி 300 வரும்” என்று ஆகிவிட்டது.

இன்னொரு பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்

இதையெல்லாம் சொன்ன பிறகு தம்பி திருத்தி எழுதிக் கொண்டுவந்தான்:

> மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு வணக்கம். தவிர்க்க இயலாத காரணங்களால் தங்களது ஆர்டர் தாமதமாகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்.

ரயில்வே ஸ்டேஷன் ஒலிபெருக்கி ஞாபகம் வந்தது. இரண்டு வருடமாக “அண்ணே” என்று கூப்பிட்ட ஒருவரைத் திடீரென்று “மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்” ஆக்கினால் அவர் என்ன நினைப்பார்? ஏதோ ஆகிவிட்டது, இவன் நம்மிடமிருந்து விலகுகிறான் என்றுதான். தமிழில் மரியாதை கூடுவது எப்போதும் நல்ல அறிகுறி இல்லை. வீட்டில் “நீ” என்று பேசிக்கொண்டிருந்தவர் “நீங்க” என்று ஆரம்பித்தால் கோபம் என்று நமக்குத் தெரியாதா? அதே கணக்குத்தான் இங்கும்.

நான் கடைப்பிடிப்பது இது. கெட்ட செய்தி சொல்லும் நாளில் விளிப்பை மாற்றக்கூடாது. நேற்று அண்ணே என்றால் இன்றும் அண்ணே. நேற்று சார் என்றால் இன்றும் சார். மேடம் என்பவரை அன்று மட்டும் அக்கா என்று கூப்பிட்டால் காரியத்துக்காகக் குழைவது போல இருக்கும். புது வாடிக்கையாளர் என்றால் சார், மேடம் என்று ஆரம்பித்து, அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துப் பழகலாம். எழுத்திலும் அப்படியே. அவர் தமிழ் எழுத்தில் அனுப்பினால் தமிழில் அனுப்புங்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர் என்றால் நீங்களும் தட்டலாம். ஆனால் தேதியும் எண்ணிக்கையும் உள்ள மெசேஜை நான் தமிழ் எழுத்திலேயே அனுப்புவேன். ஆங்கில எழுத்தில் நீளமாகத் தட்டியதை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது ஒரு ‘இல்லை’யைத் தவறவிட்டவர்கள் உண்டு.

‘தொழில்முறை’ என்றால் செந்தமிழ் என்று பலர் நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் அப்படிப் பார்ப்பதில்லை. எப்போது வரும், எத்தனை வரும், யார் பொறுப்பு என்ற மூன்றும் குழப்பமில்லாமல் இருந்தால் அதுவே அவருக்குத் தொழில்முறை. “வந்துடும்” என்று எழுதினாலும் சரி, “வந்துவிடும்” என்று எழுதினாலும் சரி.

மூன்றாவது: சின்ன அசைகளைப் பிடியுங்கள்

இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. முதல் வரைவில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் வார்த்தைகளின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன அசைகள் சண்டை போடுகின்றன.

“நீங்கதான் மாத்தச் சொன்னீங்க” என்பதில் குற்றச்சாட்டு முழுவதும் அந்தத் ‘தான்’ மேல் உட்கார்ந்திருக்கிறது. “நீங்க மாத்தச் சொன்னீங்க” என்றால் அது வெறும் தகவல். “சொன்னேனே” என்பதில் கடைசி ஏகாரம் அதே வேலையைச் செய்கிறது. “அனுப்பினேனே”, “கேட்டேனே”, “போன வாரமே சொன்னோமே” எல்லாம் அந்த ஜாதி. போனில் பேசும்போது குரலைத் தணித்து, சிரித்துக்கொண்டே சொன்னால் இவை உறுத்தாது. திரையில் குரல் இல்லை, அசை மட்டும் நிற்கும். அதனால் மெசேஜை முடித்ததும் ‘தான்’ எங்கே, ஏகாரம் எங்கே என்று தேடுவேன். எதிராளியைப் பற்றிய வாக்கியத்தில் இருந்தால் எடுத்துவிடுவேன். நம்மைப் பற்றிய வாக்கியத்தில் இருந்தால் இருக்கட்டும். “நாங்கதான் சொல்லாம விட்டுட்டோம்” என்பதில் ‘தான்’ நமக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறது.

அடுத்தது ‘லாம்’. “அனுப்பிடலாம்”, “பண்ணிடலாம்”, “பாத்துக்கலாம்.” கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் யார் அனுப்புவார், எப்போது அனுப்புவார்? அந்தச் சொல்லுக்குள் ஆளே கிடையாது. நல்ல நாளில் அது ஒரு தோழமை. வாக்குத் தவறிய நாளில் அது நழுவுவது போலத்தான் படும். 15ஆம் தேதி நாங்கள் மாட்டிக்கொண்டதும் “மாத்திடலாம்” என்ற அதே ‘லாமி’ல்தான். வாக்குக் கொடுக்கும் இடத்தில் “அனுப்பிடறேன்”, “கொண்டு வர்றோம்” என்று ஆளோடு எழுதுங்கள்.

மூன்றாவது, வினை யார் தலையில் விழுகிறது என்பது. தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. “நீங்க மாத்தினீங்க” என்றும் சொல்லலாம், “நம்பர் மாறிச்சு” என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே சம்பவம்தான், ஆனால் இரண்டாவதில் ஆள் இல்லை. அவர் செய்ததைச் சொல்லும்போது ஆள் இல்லாத வினையைப் போடுங்கள்: நம்பர் மாறினதால. நாம் செய்ததைச் சொல்லும்போது ஆளோடு போடுங்கள்: சொல்லாம விட்டுட்டேன். தம்பியின் வரைவில் இது அப்படியே தலைகீழாக இருந்தது. அவர் செய்தது “நீங்கதான் மாத்தச் சொன்னீங்க” என்று ஆளோடு வந்தது. எங்கள் பங்கு “வேண்டியதாப் போச்சு” என்று ஆளில்லாமல் போய்விட்டது. பலருடைய மெசேஜ்களைத் திருத்திப் பார்த்துவிட்டேன், என்னுடையது உட்பட. அவசரத்தில் எழுதினால் எப்போதும் இப்படித்தான் வந்து விழுகிறது.

‘கொஞ்சம்’ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்பதில் அது அளவைக் குறிக்கவில்லை, பணிவைக் குறிக்கிறது. ஆங்கில ‘ப்ளீஸ்’ஸை விட இது நம் வாய்க்கு நன்றாக வரும். ஒரு மெசேஜுக்கு ஒன்று போதும். “கொஞ்சம் லேட்டாகும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க, கொஞ்சம் டைம் குடுங்க” என்று மூன்று வந்தால் கெஞ்சல். அதோடு “கொஞ்சம் லேட்” என்பதில் அது பணிவும் இல்லை, அளவும் இல்லை. அங்கே எண் போடுங்கள்.

இரட்டைப் புள்ளிகள் கடைசி. “வணக்கம்.. போச்சு.. முடியாது..” என்று இழுப்பது நம் ஊரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அரட்டையில் அழகுதான். கணக்குப் பேசும் மெசேஜில் ஒவ்வொரு இழுப்பும் பெருமூச்சு விடுவது போல இருக்கிறது. ஒற்றைப் புள்ளி வைத்து முடித்துவிடுங்கள்.

நான்காவது: முதல் வரியில் என்ன இருக்க வேண்டும்

அவர் கடையில் துணி காட்டிக்கொண்டிருப்பார். போன் ஒளிரும். நோட்டிஃபிகேஷனில் முதல் வரி, ஒன்றரை வரிதான் தெரியும். தம்பியின் வரைவில் அங்கே தெரிவது: “அண்ணே வணக்கம்.. நீங்கதான் கடைசி நேரத்துல போன் நம்பர…” மீதியைப் படிப்பதற்கு முன்பே அவர் முகம் சுளித்துவிடும்.

அவருக்கு வேண்டியது காரணம் இல்லை, தேதி. காரணத்தை முதலில் சொல்வது நமக்கு ஆறுதல் தருகிறது, அவருக்கு எரிச்சல் தருகிறது. காரணம் நீள நீள, “என்னடா சொல்ல வர்றே?” என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் வணக்கத்தோடு சேர்த்து முதல் வாக்கியத்திலேயே எத்தனை, எப்போது என்று வந்துவிட வேண்டும். “வணக்கம்ணே” என்று மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, அவர் பதில் வணக்கம் சொல்லும்வரை காத்திருப்பதும் வேண்டாம். ஓயாமல் வியாபாரம் பார்ப்பவருக்கு அது தொல்லை.

தேதியை எழுதும்போது கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். “நாளைக்கு” என்று எழுதினால், அவர் மறுநாள் காலையில் படித்து, அதற்கு மறுநாள் என்று நினைக்க வாய்ப்பு இருக்கிறது. “சாயங்காலம்” என்றால் எங்களுக்கு ஏழரை, அவருக்கு நாலு மணி. மணியைப் போட்டுவிட்டால் பேச்சே இல்லை. தேதியைத் தடித்த எழுத்தில் காட்ட நட்சத்திரக் குறிக்குள் வைக்கலாம்:

```
*20ஆம் தேதி சனிக்கிழமை*
```

இது ஒரு மெசேஜில் ஓர் இடம், அதிகம் போனால் இரண்டு இடம். எல்லாவற்றையும் தடித்தால் சுவரொட்டி ஆகிவிடும்.

ஐந்தாவது: காசு

600 ரூபாயைக் கேட்பதா வேண்டாமா என்று நாங்கள் கொஞ்ச நேரம் பேசினோம். நியாயப்படி அது அவர் செலவுதான். ஆனால் 15ஆம் தேதி சொல்லாமல் வேலையை முடித்துவிட்டு, தாமதம் சொல்லும் அதே மெசேஜில் காசும் கேட்டால் இரண்டும் சேர்ந்து கசந்துவிடும். நாங்கள் விட்டுக்கொடுத்தோம். சொல்லாமல் விட்டதற்கு அது எங்கள் அபராதம்.

நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முன்பே சொல்லி அவர் ஒப்புக்கொண்டிருந்தால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் தனி மெசேஜில் கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்ட அந்தப் பழைய மெசேஜை விரலால் வலப்பக்கம் தள்ளி ‘ரிப்ளை’யாக வைத்து, “அண்ணே, நம்பர் மாத்தினப்ப பேசின பிளேட் செலவு 600-ஐப் பில்லுல சேர்த்திருக்கேன். மொத்தம் இவ்வளவு வருது” என்று எழுதினால் போதும். பழைய மெசேஜ் மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதால் “சொன்னேனே” தேவைப்படாது.

விட்டுக்கொடுத்ததைச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா? சொல்ல வேண்டும். ஆனால் ஒரே வாக்கியத்தில், தொகையைப் போடாமல். “600 ரூபாயை உங்களுக்காக நாங்களே ஏத்துக்கிறோம்” என்றால் பெரிய மனிதத்தனம் காட்டுவது போல ஆகிவிடும்.

ஆறாவது: அன்பை எங்கே வைப்பது

பலர் இதைக் கும்பிடு பொம்மைகளால் நிரப்பிவிடுகிறார்கள். எனக்கு எமோஜி மேல் கோபம் எதுவும் இல்லை. ஒரு 🙏 போடலாம். ஆனால் “தப்பா நினைக்காதீங்க” என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். தப்பாக நினைக்க ஏதோ இருக்கிறது என்று அதுவே சொல்லிக்கொடுக்கிறது.

வேறு வழி, அவர் சொன்ன ஏதோ ஒன்றை ஞாபகம் வைத்திருந்து அதை மெசேஜில் காட்டுவது. ஆர்டர் கொடுத்தபோது இவர், பெரிய வாடிக்கையாளர்களின் வீட்டுக்கு முதலில் தானே போய்க் காலண்டர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அப்படியானால் அந்த 300 அவருக்கு வெறும் பாதி டெலிவரி இல்லை, அந்த வேலையை ஆரம்பிக்கப் போதுமான சரக்கு. அதை ஒரு வரியில் சொன்னால், இவனுக்கு நம்ம கஷ்டம் தெரிஞ்சிருக்கு என்று அவருக்குப் படும். அப்படிச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை என்றால் இந்த வரியே வேண்டாம். செயற்கையாக “குடும்பத்தில் எல்லோரும் நலமா?” என்று கேட்பதை விட அது மேல்.

ஏழாவது: ஒரே கேள்வியோடு முடியுங்கள்

மெசேஜின் கடைசியில், ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருந்தால் பதில் வரும். இல்லாவிட்டால் நீல டிக் மட்டும் வரும், அவர் கோபமாக இருக்கிறாரா என்று நாம் இரவெல்லாம் யோசிப்போம். நான் முதலில் இரண்டு கேள்வி வைத்திருந்தேன்: சரக்கைக் கடைக்கா குடோனுக்கா அனுப்புவது, புது நம்பர் சரியா என்று பார்க்க முடியுமா? இரண்டு கேட்டால் அவர் ஒன்றுக்குத்தான் பதில் சொல்வார், அதுவும் சின்னதற்கு. அச்சு அப்போது இன்னும் ஓடவில்லை, அதனால் நம்பர்தான் உயிர்நாடி. அதை முதலில் தனியாகவே கேட்டு முடித்தோம்: அட்டையின் டிசைன் படத்தில் நம்பர் இருக்கும் இடத்தை மட்டும் பெரிதாக வெட்டி, “இது சரிதானேண்ணே?” என்று அனுப்பினோம். “சரி” என்று வந்தது. அதன் பிறகுதான் இந்த மெசேஜ்:

> வணக்கம்ணே. காலண்டர்ல முதல் 300, *20ஆம் தேதி சனிக்கிழமை* சாயங்காலம் 6 மணிக்குள்ள தந்துடறோம். மீதி 700, *24ஆம் தேதி புதன்கிழமை* மதியம் 2 மணிக்குள்ள வந்துடும்.
>
> போன் நம்பர் மாறினதால கறுப்பு பிளேட்டைத் திரும்பப் போட்டோம். தேதி தள்ளும்னு 15ஆம் தேதியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், நான்தான் சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க. பிளேட் செலவை நாங்க பார்த்துக்கிறோம்.
>
> வீட்டுக்குப் போய்க் குடுக்கற பெரிய கஸ்டமருக்கெல்லாம் நீங்க 20ஆம் தேதியே ஆரம்பிக்கலாம்னு அந்த 300-ஐ முதல்ல முடிக்கச் சொல்லியிருக்கேன்.
>
> 300-ஐக் கடைக்குக் கொண்டு வரட்டுமாண்ணே, குடோனுக்கா?

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்தேன். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியம் நீளம். “மன்னிச்சுக்கங்க” ஒரே ஒரு தடவை வருகிறது, பாருங்கள். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டால், அவர்தான் நம்மைத் தேற்ற வேண்டியிருக்கும்.

அனுப்பும் நேரம், அனுப்பிய பிறகு

காலை கடை திறந்த கையோடு அனுப்பாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் தள்ளிவிட்டுத் தூங்கப் போவதும் வேண்டாம். கெட்ட செய்தியை அனுப்பினால் அடுத்த ஒரு மணி நேரம் போனை எடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும். விஷயம் இதை விடப் பெரிது என்றால், உதாரணமாக மொத்தச் சரக்கும் பாழாகிவிட்டது என்றால், மெசேஜில் ஆரம்பிக்கவே கூடாது. முதலில் போன் செய்து பேசிவிட்டு, பேசியதைப் பதிவாக மெசேஜில் அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகு எழுத்துப்பிழை கண்ணில் பட்டால், 15 நிமிடத்துக்குள் மெசேஜை அழுத்திப் பிடித்து எடிட் செய்யலாம். திருத்தப்பட்டது என்று ஒரு சின்னக் குறிப்பு அவருக்குத் தெரியும், ஆனால் எதை மாற்றினோம் என்று தெரியாது. அதனாலேயே தேதியையோ தொகையையோ அப்படி மாற்றக்கூடாது. அவர் பழையதைப் படித்துவிட்டுப் போயிருப்பார், நாம் புதியதை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்போம். எண் தவறானால், “அண்ணே, மேல 24ன்னு இருக்கறதை 23ன்னு எடுத்துக்கங்க” என்று அடுத்த மெசேஜ்தான் சரி. எல்லோருக்கும் அழிப்பதும் வேண்டாம். அழித்த இடத்தில் ஒரு தடம் நிற்கும், அவருக்கு அதுதான் உறுத்தும்.

எங்களுக்கு அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “என்னப்பா, இப்பச் சொல்றீங்க. சரி குடோனுக்கே போடு.” தம்பி உடனே விளக்கம் தட்ட ஆரம்பித்தான். நிறுத்தினேன். அந்த வாக்கியத்தில் முதல் பாதி வருத்தம், இரண்டாம் பாதி சம்மதம். வருத்தத்துக்கு ஒரு வார்த்தையும் சம்மதத்துக்கு ஒரு வாக்கியமும் போதும்:

> ஆமாண்ணே, முன்னாடியே சொல்லியிருக்கணும். குடோனுக்கே கொண்டு வர்றோம், சனிக்கிழமை வண்டி கிளம்பறப்ப போன் பண்றேன்.

சனிக்கிழமை போன் செய்தோம். அது முக்கியம்.

15ஆம் தேதியே போயிருக்க வேண்டிய மெசேஜ்

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து, “ஓகேண்ணே, மாத்திடலாம்” என்ற இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று எழுதினோம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் இதைக் குவிக் ரிப்ளையாகச் சேமித்துவைக்கலாம். சாட்டில் / தட்டினால் பட்டியல் வரும். தொகையும் தேதியும் தானாக நிரம்பாது, நாம்தான் நிரப்ப வேண்டும். அதனால் நிரப்பாமல் அனுப்பினால் கண்ணில் குத்தும்படி அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறோம்:

```
மாத்தித் தர்றேன்ணே. பிளேட் போட்டாச்சு,
அதனால திரும்பப் போட ____ ரூபாய் ஆகும்.
டெலிவரி ____ தேதிக்குப் பதிலா ____ தேதி வரும்.
சரின்னா ‘சரி’ன்னு ஒரு மெசேஜ் போடுங்க,
உடனே ஆரம்பிச்சுடறேன்.
```

‘சரி’ வருவதற்கு முன் பிளேட்டைத் தொடுவதில்லை. அடுத்த வாரமே இன்னொருவர் முகவரியை மாற்றச் சொன்னார். இதை நிரப்பி அனுப்பினோம். “600ஆ? வேண்டாம், பழையதே இருக்கட்டும்” என்று பதில் வந்தது.